ஓடாத நாளுக்கும் டியூ உண்டு: வாடகைக் காரும் கடன் தவணையும்

வியாசை ஓட்டுநர், 6 ஜூன் 2025, இரவு 10.40

என் வாடகைக் காருக்கு மாதம் 12,000 ரூபாய் டியூ. அதை 30ஆல் வகுத்தால் நாளுக்கு 400 என்றும், அந்த 400ஐ எடுத்து வைத்துவிட்டால் கவலையில்லை என்றும் ஸ்டாண்டில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். மே மாதம் வண்டி எடுத்த ஒரு நாளும் விடாமல், வீட்டுக்கு வந்த கையோடு 400 ரூபாயை டப்பாவில் போட்டேன். 4ஆம் தேதி இரவு எண்ணியபோது 9,200 ரூபாய்தான் இருந்தது. டப்பாவை வீட்டில் யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. குறைந்த 2,800ஐ மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கி நேற்று டியூவைக் கட்டினேன். தவறு கணக்கிலா, என்னிடமா என்று தெரியவில்லை.

பழைய வண்ணை அக்கா, 7 ஜூன் 2025, காலை 6.15

9,200ஐ 400ஆல் வகுத்துப் பாருங்கள், 23 வரும். மே மாதத்தில் நீங்கள் வண்டி எடுத்தது 23 நாள். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் 30 நாளும் வண்டி ஓடும் என்று வைத்துக்கொண்டு வகுத்துவிட்டார். காய்ச்சல் வந்த நாள், சர்வீஸுக்கு விட்ட நாள், உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போன நாள் என்று ஓடாத நாள்களுக்கும் டியூ உண்டு, அவற்றின் பங்கையும் ஓடிய நாள்கள்தான் சுமக்க வேண்டும். 12,000ஐ 23ஆல் வகுத்தால் 522 வரும். உங்களிடம் ஒரு தவறும் இல்லை.

இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதே தவறான வகுத்தலை என் தம்பிக்கு நானே எழுதிக் கொடுத்தேன் என்பதுதான். நான் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பி தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் கதை நீளமானது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ராயபுரம் கடற்காற்று, 7 ஜூன் 2025, காலை 9.02

சொந்த வண்டியே வேண்டாம் என்பது என் கருத்து. முதலாளி வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினால் டியூவும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. நான் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

வியாசை ஓட்டுநர், 7 ஜூன் 2025, காலை 9.30

வண்டியை வாங்கிவிட்டேன் அண்ணே. வாங்கலாமா என்பது என் கேள்வியில்லை. அக்கா, தம்பியின் கதையை எழுதுங்கள்.

பழைய வண்ணை அக்கா, 8 ஜூன் 2025, பகல் 2.20

இன்று கடை விடுமுறை, ஆகவே எழுதுகிறேன்.

தம்பி 2023 ஜூன் மாதம் புது வண்டி எடுத்தான். கையிலிருந்த சேமிப்பை முன்பணமாகக் கொடுத்து, மீதி 6,00,000 ரூபாய்க்குக் கடன் வாங்கினான். ஐந்து ஆண்டு, 60 தவணை, மாதம் 13,500, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. முதல் தவணை ஜூலை 5.

முதல் ஐந்து மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. புது வண்டியில் பழுது வராது, டயர் புதிது, இன்சூரன்ஸ் வாங்கும்போதே ஓராண்டுக்குக் கட்டியாகிவிட்டது. டியூவைக் கட்டிய பிறகு கையில் நின்ற பணம் முழுவதும் தன் வருமானம் என்று அவன் நம்பினான். அடுத்த ஆண்டு வரப்போகும் செலவுகளின் பங்கும் அந்தப் பணத்துக்குள் இருந்தது என்பதை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை, அவன் மனைவி நான்கு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த பொருள் அது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வண்டியின் கதவுக்குள் ஏறிவிட்டது. இன்ஜின் தப்பியது, ஆனால் இருக்கைகளையும் கீழ் விரிப்பையும் கழற்றிக் காயவைத்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டும்வரை ஒன்பது நாள் ஓட்டமில்லை. அந்த மாதம் மொத்தம் 17 நாள்தான் ஓடினான். ஜனவரி 5 காலை தவணைப் பணம் எடுக்க வந்தபோது கணக்கில் 8,000 சொச்சம் இருந்தது. இருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே கிடையாது, முழுத் தொகை இல்லாவிட்டால் முழுவதுமாகத் திரும்பிவிடும். வங்கி 590 ரூபாய் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 590 கேட்டது.

அன்று மாலையே தண்டல்காரரிடம் போய் 10,000 ரூபாய் எழுதி, 8,500ஐக் கையில் வாங்கி வந்தான். நாளுக்கு 100 வீதம் 100 நாள். எனக்கு அது தெரிய வந்தது பொங்கலன்றுதான்.

மிண்ட் இட்லிக் கடை, 8 ஜூன் 2025, மாலை 5.50

தண்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைப் பாவம்போல எழுதுகிறீர்கள். நான் பதினோரு ஆண்டுகளாகத் தண்டல் வாங்கித்தான் கடை நடத்துகிறேன். அரிசியும் உளுந்தும் இன்று வாங்கினால் நாளைக் காலை காசாகிவிடுகின்றன, அதிலிருந்து 100 ரூபாய் கொடுப்பது எனக்குப் பாரமாகத் தெரிந்ததில்லை. பத்து நிமிடத்தில் எந்த வங்கி எனக்கு 8,500 ரூபாய் தரும்?

பழைய வண்ணை அக்கா, 8 ஜூன் 2025, இரவு 8.10

உங்கள் தொழிலுக்கு அது பொருந்தலாம், மறுக்கவில்லை. நீங்கள் வாங்கிய பணம் மறுநாளே சரக்காகி லாபத்தோடு திரும்புகிறது. தம்பி வாங்கிய பணம் ஏற்கெனவே தவறிப்போன தவணைக்குப் போனது, அதிலிருந்து ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. 8,500க்கு 1,500 என்பது கேட்பதற்குச் சிறிய தொகை. ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக அவன் கையில் இருந்தது 4,250 ரூபாய்தான். அந்த 4,250க்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 125க்கும் மேலே போகிறது. தண்டல் முடியும்வரை நாள்தோறும் அந்த 100 ரூபாய், அடுத்த தவணைக்குச் சேர வேண்டிய பணத்திலிருந்துதான் போனது.

மிண்ட் இட்லிக் கடை, 8 ஜூன் 2025, இரவு 9.00

கணக்கு சரியாக இருக்கலாம். அவசரத்துக்கு வேறு கதவு திறக்காதவர்களுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன் என்பதுதான் என் கேள்வி.

பழைய வண்ணை அக்கா, 9 ஜூன் 2025, இரவு 9.45

பொங்கலுக்கு மறுநாள் ஒரு நீளக் கணக்கு நோட்டை வாங்கிக் கொடுத்து, நாளுக்கு 450 பெட்டிக்கு என்று மேலே எழுதினேன். 13,500ஐ 30ஆல் வகுத்த எண் அது. அடுத்த தவணைக்கு இருந்த நாள்கள் குறைவு, ஆகவே பற்றாக்குறை வந்தபோது காலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டோம். பிப்ரவரி முழுவதும் எழுதிய பிறகுதான் உண்மை தெரிந்தது. ஓட்டம் 24 நாள், பெட்டியில் 10,800, குறைவு 2,700. வியாசைத் தம்பிக்கு வந்த அதே பள்ளம்.

அந்த மாதத்தின் ஒரு நாளை நோட்டில் உள்ளபடியே தருகிறேன். பிப்ரவரி 13, செவ்வாய். மீட்டர் தொடக்கம் 31,118, முடிவு 31,291. ஓடியது 173 கி.மீ. வசூல் 2,310. கேஸ் 690, சாப்பாடும் தேநீரும் 140, பார்க்கிங் 60. மீதி 1,420. பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் “காலி 68” என்று எழுதியிருந்தான். அதை எழுதும்படி நான் சொல்லவில்லை, அவனாகவே எழுதத் தொடங்கியிருந்தான். ஆள் இல்லாமல் ஓடிய தூரம் அது. அதில் பெரும்பகுதி, சிறுசேரியில் ஒருவரை இறக்கிவிட்டு அங்கிருந்து தண்டையார்பேட்டை வரை வெறும் வண்டியோடு திரும்பியது. அந்த 68 கி.மீ.க்கு மட்டும் கேஸ் 270 ரூபாய் ஆகியிருக்கிறது. அன்றைக்குப் பெட்டியில் போட வேண்டிய தொகையில் பாதிக்கும் மேலே அது.

அதற்கு முன்பெல்லாம் நீளமான சவாரி கிடைத்த நாளை நல்ல நாள் என்றுதான் அவன் சொல்வான். மூன்று வார நோட்டைப் பார்த்த பிறகு, தெற்கே நீளமாகப் போனால் திரும்பும் சவாரிக்காக முக்கால் மணி நேரம் அங்கேயே காத்திருப்பது என்று முடிவு செய்தான். எல்லா நாளும் சவாரி கிடைப்பதில்லை. ஆனாலும் காலி ஓட்டம் நாளுக்கு 40, 45 கி.மீ. அளவுக்கு இறங்கியது.

ராயபுரம் கடற்காற்று, 10 ஜூன் 2025, காலை 8.20

கதையைப் படித்துவிட்டு ஒன்று சொல்கிறேன். இந்த ஜூன் 5ஆம் தேதியோடு உங்கள் தம்பி 24 தவணை கட்டியிருப்பார். இப்படி மாதம் முழுவதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, கடனை முன்கூட்டி முடிப்பதே நல்லது. 6,00,000ஐ 60ஆல் வகுத்தால் மாதம் 10,000 அசல், 3,500 வட்டி. 24 மாதத்தில் 2,40,000 அசல் கழிந்திருக்கும், பாக்கி 3,60,000. வட்டியும் 7 சதவீதம்தான், வங்கியைவிடக் குறைவு.

ஓய்வுபெற்ற கடன் பிரிவு, 10 ஜூன் 2025, மாலை 6.35

வாகனக் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. முன்கூட்டிக் கட்டினால் வட்டி மிச்சமாகும் என்பது சரி. மற்றவை சரியில்லை.

7 சதவீதம் என்பது விற்பனையின்போது சொல்லப்படும் ஃபிளாட் வட்டி. நீங்கள் அசலை மாதாமாதம் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், ஐந்து ஆண்டும் முழு 6,00,000க்கே வட்டி போட்டு 2,10,000 என்று சேர்த்து, 60ஆல் வகுத்து 13,500 என்கிறார்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே 13,500 தவணை ஏறக்குறைய 12.5 சதவீதத்துக்குச் சமம். கடன் கணக்கு உள்ளே அந்த முறையில்தான் ஓடுகிறது. முதல் மாதம் வட்டி 6,250, அசல் 7,250 மட்டுமே. பிறகுதான் அசலின் பங்கு மெல்ல ஏறும். அந்தக் கணக்குப்படி 24 தவணை முடிந்த நிலையில் அசல் பாக்கி சுமார் 4,03,500 இருக்கும். நீங்கள் சொன்ன 3,60,000க்கும் இதற்கும் 43,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கடனை முடிக்கப் போகிறவர்கள் அலுவலகத்தில் போய் அதிர்ச்சியடைவது இந்த இடத்தில்தான். தவணை அட்டவணை என்று ஒரு தாள் உண்டு, ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று அதில் வரிசையாக இருக்கும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும், அது இடத்துக்கு இடம் மாறும்.

தவணை தவறினால் விதிக்கும் அபராதம் பற்றியும் ஒன்று. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி அபராதத்தை வட்டியோடு சேர்க்கக் கூடாது, தனிக் கட்டணமாகவே விதிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின்மேல் வட்டி ஏற்றவும் கூடாது. கணக்கு அறிக்கையை வாங்கினால் இதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ராயபுரம் கடற்காற்று, 10 ஜூன் 2025, இரவு 7.15

4,03,500 என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. என் மச்சானுடைய கடனையும் நான் இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவனிடம் அட்டவணையை வாங்கச் சொல்கிறேன்.

பழைய வண்ணை அக்கா, 11 ஜூன் 2025, இரவு 10.05

ஐயா எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவனும் பாக்கி 3,60,000 என்றுதான் மனதில் வைத்திருந்தான்.

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பிப்ரவரிப் பள்ளம் தெரிந்தவுடன் 450ஐ அடித்துவிட்டு 570 என்று எழுதினேன். எண் சரி, ஆனால் அது அவனை வேறு விதமாகப் படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை 2,000 ரூபாய்கூட நிற்கும், செவ்வாய்க்கிழமை 700 நிற்கும். 700 நின்ற நாளில் 570ஐப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு 130 ரூபாயோடு போக அவனால் முடியவில்லை. போடாமல் விட்டான். ஒரு நாள் விட்ட பிறகு மறுநாளும் விடுவது எளிதாகிவிட்டது. மார்ச் இரண்டாம் வாரத்தில் நான்கு நாள் பக்கம் வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, “எழுதினாலே தோத்துட்ட மாதிரி இருக்குக்கா” என்றான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நாள் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு மாறினோம். திங்கள் தொடங்கி ஞாயிறு இரவுக்குள் 3,400 ரூபாய். எந்த நாளில் எவ்வளவு என்பது அவன் விருப்பம். செவ்வாயில் நூறு போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை 1,200 போட்டாலும் சரிதான். நான்கு வாரத்தில் 13,600 சேர்ந்துவிடும், டியூ தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 52 வாரம், 12 தவணைக்கு 48 வாரம் போதும். மீதி நான்கு வாரப் பணம், கிட்டத்தட்ட ஒரு முழுத் தவணை, யாருக்கும் கடன்படாமல் பெட்டியில் தங்கும். மிக்ஜாம் போன்ற ஒரு மாதத்தைத் தாங்குவதற்கு அந்த ஒரு தவணை வேண்டும். நாளாகப் பிரித்தபோது இந்த உபரி என் கண்ணில் படவே இல்லை.

வியாசை ஓட்டுநர், 12 ஜூன் 2025, காலை 7.00

எனக்கு வாரம் 3,000 என்று வருகிறது. பணத்தை டப்பாவில் வைப்பதா, வங்கியில் போடுவதா? என் சவாரிப் பணம் வந்து விழும் கணக்கிலிருந்துதான் தவணையும் போகிறது.

ஓய்வுபெற்ற கடன் பிரிவு, 12 ஜூன் 2025, பகல் 11.40

அதுதான் ஆபத்து. சவாரிப் பணம் விழும் கணக்கில் கைப்பேசியிலிருந்தே பால்காரருக்கும் பெட்டிக்கடைக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும். தவணைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதைக் கைப்பேசியில் எந்தப் பணச் செயலியோடும் இணைக்காமல் விடுங்கள். தவணை எடுக்கும் கணக்கை மாற்றுவதற்குப் புதிய படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், அது நடைமுறைக்கு வரச் சில வாரம் பிடிக்கும். இடையில் வரும் ஒரு தவணை பழைய கணக்கிலிருந்தே போகக்கூடும் என்பதால் அங்கேயும் பணம் வைத்திருங்கள். மாற்றிவிட்டோம் என்று நினைத்துப் பழைய கணக்கை வெறுமையாக விட்டு, தவணை திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பணம் 4ஆம் தேதி மாலைக்குள் உள்ளே இருக்க வேண்டும். 5ஆம் தேதி காலையிலேயே தவணைக்கான கோரிக்கை வந்துவிடும், பகலில் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் தாமதமாகிவிடும்.

பழைய வண்ணை அக்கா, 13 ஜூன் 2025, இரவு 9.30

என் இன்னொரு பிழையையும் எழுதிவிடுகிறேன், இதை மறைத்தால் வியாசைத் தம்பி அதிலேயே விழுவார்.

இன்சூரன்ஸ் ஆண்டுக்கு 38,000. 52ஆல் வகுத்து, வாரம் 750 தனியாக வைக்கச் சொன்னேன். ஆண்டு முழுவதும் வைத்தால் 39,000 சேரும். ஆனால் நாங்கள் தொடங்கியதோ மார்ச் மாதம், புதுப்பிக்க வேண்டியதோ ஜூன் மாதம். இடையில் இருந்தது 14 வாரம், சேர்ந்தது 10,500. 52 வாரக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனதால், முதல் ஆண்டில் 52 வாரம் கையில் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. ஏப்ரலில் நான்கு டயரும் மாற்ற வேண்டி வந்து உபரியும் கரைந்திருந்தது. குறைந்த 27,500க்கு என் வளையல்களை அடகு வைத்தேன். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மீட்க எட்டு மாதம் ஆயிற்று. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ஒரு நாள்கூட எடுக்கக் கூடாது என்பதில் அவனும் நானும் உறுதியாக இருந்தோம், ஆகவே அந்த அடகைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

உங்கள் இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று பார்த்து, இன்றிலிருந்து அந்தத் தேதி வரை உள்ள வாரங்களால் வகுத்துக்கொள்ளுங்கள். 52ஆல் வகுப்பது இரண்டாம் ஆண்டிலிருந்துதான்.

மிண்ட் இட்லிக் கடை, 13 ஜூன் 2025, இரவு 10.10

வளையல் இருந்ததால் உங்களுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் கிடைத்தது. என் நகையெல்லாம் மகள் திருமணத்தோடு போய்விட்டது. அதைத்தான் அன்று சொல்ல வந்தேன்.

பழைய வண்ணை அக்கா, 14 ஜூன் 2025, காலை 6.30

உண்மைதான் அம்மா. தம்பிக்குப் பின்னால் என் வளையல் இருந்தது, எல்லாருக்கும் அப்படி இருக்காது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

வியாசை ஓட்டுநர், 15 ஜூன் 2025, இரவு 11.20

முதல் வாரம் முடிந்தது. 3,000க்கு 2,650 சேர்ந்திருக்கிறது. வியாழனும் வெள்ளியும் வண்டி எடுக்கவில்லை, மகளுக்குப் பள்ளிச் சேர்க்கை. காலி ஓட்டத்தையும் எழுதினேன், ஐந்து நாளில் 290 கி.மீ. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. என் இன்சூரன்ஸ் அக்டோபர் 20இல் முடிகிறது, நாளையிலிருந்து 18 வாரம். போன ஆண்டு 36,000 கட்டினேன். அப்படியானால் வாரம் 2,000. டியூவோடு சேர்த்து 5,000 ஆகிறது, என்னால் முடியாது.

பழைய வண்ணை அக்கா, 16 ஜூன் 2025, காலை 6.05

5,000ஐ இப்போது எழுதாதீர்கள், எழுதினால் மூன்றாம் வாரத்தில் நோட்டை மூடிவிடுவீர்கள். வாரம் 1,000 மட்டும் வையுங்கள், அக்டோபருக்குள் 18,000 சேரும். மீதி 18,000க்கு வழி தேட நான்கு மாதம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் நடத்தும் சீட்டு ஏதாவது செப்டம்பர் வாக்கில் எடுக்கும்படி இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். 3,000க்குக் குறைந்த 350ஐ இந்த வாரத்தில் ஏற்ற வேண்டாம், மாதக் கடைசியில் வரும் கூடுதல் இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி இந்த ஜூனில் இன்சூரன்ஸை முழுவதும் பெட்டியிலிருந்தே கட்டினான். 39,000இல் 1,000 மிஞ்சியது. நேற்று இரவு நோட்டில் எழுதியிருப்பது: வாரம் 3,400 சேர்ந்தது, காலி 251, முன் டயர் இரண்டும் தேய்ந்திருக்கின்றன, ஆகஸ்டுக்குள் மாற்ற வேண்டும்.